அம்மாவிடமிருந்து பாப்பாவுக்கு: இனப்பெருக்கம், நோய்த்தடைகாப்பு ஓட்டப்படங்கள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

செங்காங்கில் என் வீவக வீட்டுச் சாப்பாட்டு மேசைதான் டியூஷன் வகுப்பு. வருபவர்களில் பெரும்பாலோர் இங்குள்ள இந்தியப் பாடத்திட்டப் பள்ளிகளில் 12-ஆம் வகுப்பு உயிரியல் எடுத்தவர்கள். தேர்வை ஆங்கிலத்தில் எழுதினாலும், வீட்டுக்குப் போய் அம்மாவிடம் விளக்குவது தமிழில்தான். அந்த அம்மாக்களும் பிள்ளைகளும் வாட்ஸ்அப்பில் திரும்பத் திரும்பக் கேட்டவற்றை இங்கே சேர்த்திருக்கிறேன். நான்கு படங்கள் இருக்கின்றன. நான்கும் ஒரே கதையின் பகுதிகள் என்பதால் வரிசை மாறாமல் படியுங்கள்.

பையன் பாடத்தைக் கடகடவென்று ஒப்பிக்கிறான், ஓட்டப்படம் வரைந்தால் மட்டும் மார்க் குறைகிறதே, ஏன்?

ஒப்பிப்பதில் பெயர்கள் வந்தால் போதும். ஓட்டப்படத்தில் பெயர்களுக்கு நடுவே நடப்பதுதான் கேள்வி. பிள்ளைகள் பெட்டி போட்டு, உள்ளே அழகாகப் பெயர் எழுதி, வெறும் அம்புக்குறியால் இணைத்துவிடுகிறார்கள். அந்த அம்பு என்ன சொல்கிறது? ஒன்று மற்றொன்றாக மாறுகிறதா, ஒன்று மற்றொன்றைத் தூண்டுகிறதா, அல்லது சும்மா இடம் பெயர்கிறதா? மூன்றுக்கும் ஒரே அம்பு போட்டால் திருத்துபவர் எதை எடுத்துக்கொள்வார்?

அதனால் என் மேசையில் ஒரே ஒரு விதி. பெட்டிக்குள் பெயர்ச்சொல், அம்பின் மேல் வினைச்சொல். இடப்பக்க ஓரத்தில் எப்போது, எங்கே என்பது. வலப்பக்க ஓரத்தில் குரோமோசோம் எண்ணிக்கை, அது தேவைப்படும் படத்துக்கு மட்டும். நோட்டுத் தாளை நீளவாக்கில் மூன்றாக மடித்தால் மூன்று பத்திகளும் தயார். ஸ்கேல்கூட வேண்டாம்.

அண்டம் உருவாகும் படத்தில் எந்தெந்தக் கட்டங்களைப் போட வேண்டும், டீச்சர்?

நான்கு கட்டங்கள், இரண்டு நிறுத்தங்கள். கட்டங்களை எல்லாரும் போட்டுவிடுகிறார்கள். நிறுத்தங்கள்தான் விடுபடுகின்றன. நான் நிறுத்தத்துக்கு ஒரு கறுப்புச் சதுரம் போடச் சொல்வேன்.

படம் 1

1. தாய் தன் அம்மாவின் வயிற்றில் கருவாக இருக்கும்போது: ஊகோனியம் — 46
↓ மைட்டாசிஸால் பெருகுகிறது, பிறகு வளர்கிறது
2. பிறக்கும் முன்பே: முதல்நிலை அண்டசெல் — 46
■ முதல் மியாசிஸின் புரோஃபேஸில் நிற்கிறது (பூப்படையும் வரை, அதற்குப் பிறகும் பல ஆண்டுகள்)
↓ எல்எச் ஹார்மோன் உச்சத்துக்கு ஏறியதும் முதல் மியாசிஸ் முடிகிறது
3. அண்டம் வெளிப்படுவதற்குச் சற்று முன், அண்டகத்தில்: இரண்டாம்நிலை அண்டசெல் — 23, கூடவே சின்னதாக முதல் துருவச் செல் — 23
■ இரண்டாம் மியாசிஸின் மெட்டாஃபேஸில் நிற்கிறது
↓ விந்தணு நுழைந்ததும் இரண்டாம் மியாசிஸ் முடிகிறது
4. அண்டநாளத்தில்: அண்டம் — 23, கூடவே இரண்டாம் துருவச் செல் — 23

இந்தப் படத்தை முதல் முறை விளக்கியபோது ஒரு மாணவி பேனாவைக் கீழே வைத்துவிட்டு, "அப்படின்னா நான் உருவான அந்தச் செல் என் பாட்டி வயித்துக்குள்ளேயே இருந்துச்சா?" என்று கேட்டாள். ஆமாம், இருந்தது. பாட்டி உண்டாகியிருந்தபோது, அவர் வயிற்றில் இருந்த அம்மாவின் அண்டகத்துக்குள் முதல்நிலை அண்டசெல் ஏற்கெனவே உருவாகி நின்றுவிட்டது. இதை ஒருமுறை யோசித்துப் பார்த்தவர்கள் முதல் சதுரத்தை மறப்பதே இல்லை.

இரண்டாவது சதுரத்தை மறந்தால் பிழை இன்னும் பெரிது. மாதாமாதம் அண்டகத்திலிருந்து வெளிவருவது முழுமையான அண்டம் என்று எழுதிவிடுவார்கள். வெளிவருவது இரண்டாம்நிலை அண்டசெல்தான். விந்தணு உள்ளே போகாவிட்டால் அது நான்காம் கட்டத்தை எட்டாமலேயே அழிந்துபோகும். வெளிவரும் செல்லின் பெயர் கேட்கும் ஒரு மதிப்பெண் கேள்வியை இந்த ஒரு சதுரமே காப்பாற்றிவிடும்.

முதல் துருவச் செல்லை ஏன் அவ்வளவு சின்னதாக வரைய வேண்டும்? இரண்டிலும் 23 தானே இருக்கிறது?

குரோமோசோம் சமமாகத்தான் பிரிகிறது, சைட்டோபிளாசம் சமமாகப் பிரிவதில்லை. ஏறக்குறைய மொத்தமும் ஒரே செல்லுக்குப் போய்விடுகிறது. கரு கருப்பையில் பதியும் வரை அதற்குச் சாப்பாடு கட்டிக்கொடுத்தாக வேண்டுமே. இரண்டு வட்டத்தையும் ஒரே அளவில் வரைந்தால், சமமற்ற பகுப்பு என்கிற கருத்தே தெரியவில்லை என்று ஆகிவிடும்.

விந்தணு உருவாக்கத்துக்கும் இதே மாதிரி தனியாக ஒரு படம் போட வேண்டுமா?

இரண்டையும் ஒப்பிடச் சொன்னால் பக்கத்தில் பக்கத்தில் போடுங்கள். விந்தணு பக்கத்தில் சதுரமே கிடையாது. பூப்பு வயதில் தொடங்கி நிற்காமல் ஓடுகிறது. ஒரு முதல்நிலை செல்லிலிருந்து நான்கு வருகின்றன, நான்கும் ஒரே அளவு. கடைசியில் மட்டும் ஓர் அம்பு கூடுதலாக வரும். ஸ்பெர்மாட்டிட் எந்தப் பகுப்பும் இல்லாமல் வடிவம் மாறி விந்தணுவாகிறது. அந்த அம்பின் மேல் "உருமாற்றம்" என்று எழுதுங்கள், அங்கே மியாசிஸ் என்று எழுதிவிடாதீர்கள்.

கருவுற்றதிலிருந்து கருப்பையில் பதிகிற வரைக்கும் உள்ள படத்தில் எது எங்கே நடக்கிறது என்று குழம்புகிறது.

அதனால்தான் இந்தப் படத்துக்கு இடப்பக்க ஓரம் கட்டாயம். இடத்தை முதலில் எழுதிவிட்டு அப்புறம் பெட்டி போடுங்கள்.

படம் 2

1. அண்டநாளத்தின் ஆம்புல்லா: கருமுட்டை — 46
↓ பிளவுப் பெருகல், நகர்ந்துகொண்டே
2. அண்டநாளம் வழியே: 2, 4, 8, 16 செல்கள், மோருலா
↓ உள்ளே திரவம் சேர்ந்து குழி உண்டாகிறது
3. கருப்பை: பிளாஸ்டோசிஸ்ட் (வெளியே டிராஃபோபிளாஸ்ட் அடுக்கு, உள்ளே ஓர் ஓரமாக உள் செல் திரள்)
↓ கருப்பை உட்சுவரில் புதைகிறது, கருவுற்று ஏறத்தாழ 7 நாள்
4. கருப்பை உட்சுவர்: டிராஃபோபிளாஸ்ட் பக்கத்திலிருந்து தாய்-சேய் இணைப்புத்திசுவில் குழந்தையின் பங்கு, உள் செல் திரளிலிருந்து கரு

இதில் பெரும்பாலும் ஒரே தவறுதான் வருகிறது. செல் எண்ணிக்கை ஏற ஏற உருண்டையையும் பெரிதாக்கிக்கொண்டே போகிறார்கள். மோருலா வரைக்கும் மொத்த அளவு கூடுவதில்லை. சோனா பெலூசிடா என்கிற உறை அப்படியே சுற்றி இருக்கிறது, உள்ளே செல்கள் பாதி பாதியாகச் சிறுத்துக்கொண்டு போகின்றன. ஒரு பத்துக் காசு நாணயத்தை வைத்து நான்கு வட்டம் போட்டுக்கொண்டு, கோடு கிழித்துப் பிரித்தால் போதும்.

நான்காம் கட்டத்தில் டிராஃபோபிளாஸ்டைக் கொஞ்சம் கவனமாக வரையுங்கள். நோய்த்தடைகாப்புப் படத்துக்குள் நாம் நுழையப்போகும் கதவு அதுதான். அதன் விரல் போன்ற நீட்சிகள் தாயின் இரத்தத்தில் நனைந்தபடி நிற்கின்றன. தாய் இரத்தமும் சேய் இரத்தமும் நேரடியாகக் கலப்பதில்லை. இடையில் இருக்கும் அந்தச் செல் அடுக்கு எதை விடுகிறது, எதை விடுவதில்லை என்பதுதான் நான்காம் படம்.

எதிர்ப்பொருள் உருவாகிற படத்தில் டி செல், பி செல் இரண்டும் வருகிறது. யார் என்ன செய்கிறார்கள்?

எதிர்ப்பொருளைச் செய்வது பி செல் வம்சம் மட்டும்தான். உதவி டி செல் ஆள் அடையாளம் சரிதான் என்று கையெழுத்துப் போட்டுத் தரும் மேலதிகாரி மாதிரி.

படம் 3

1. உடலுக்குள் நுழைந்த ஆன்டிஜென்
↓ விழுங்கப்படுகிறது
2. மேக்ரோஃபேஜ் போன்ற, ஆன்டிஜெனைக் காட்டும் செல்
↓ துண்டாக்கித் தன் மேற்பரப்பில் வைத்துக் காட்டுகிறது
3. உதவி டி செல்
↓ சைட்டோகைன் சுரந்து தூண்டுகிறது
4. அதே ஆன்டிஜெனைப் பற்றிக்கொண்ட பி செல் (மற்ற பி செல்கள் சும்மா இருக்கும்)
↓ மைட்டாசிஸால் ஒரே மாதிரிப் பிரதிகளாகப் பெருகுகிறது
5அ. பிளாஸ்மா செல் → எதிர்ப்பொருளைச் சுரக்கிறது
5ஆ. நினைவு செல் ⇢ அதே ஆன்டிஜென் மறுபடி வந்தால் 4-ஆம் கட்டத்துக்கு, புள்ளிக் கோட்டில்

3-இலிருந்து 4-க்குப் போகும் அம்பைப் பாருங்கள். டி செல் பி செல்லாக மாறவில்லை, அதைத் தூண்டுகிறது. அதனால் நான் அந்த அம்பின் முனையைப் பெட்டியைத் தொடாமல் சற்றுத் தள்ளி நிறுத்தி, மேலே "தூண்டுகிறது" என்று எழுதச் சொல்வேன். 4-இலிருந்து 5-க்குப் போவது உண்மையான மாற்றம், அந்த அம்பு பெட்டியைத் தொடலாம்.

ஒரு பையன் நினைவு செல்லிலிருந்து நேராக எதிர்ப்பொருளுக்கு அம்பு போட்டுக்கொண்டே இருந்தான். மூன்று வாரம் சொல்லியும் மாறவில்லை. கடைசியில், "நினைவு செல் பரணில் இருக்கிற பழைய அச்சு மாதிரி. அச்சை எடுத்துக் கொழுக்கட்டை பிடித்தால்தான் கொழுக்கட்டை வரும், பரணிலிருந்து கொழுக்கட்டை விழாது" என்றேன். அன்றோடு சரியாயிற்று. நினைவு செல் பெருகி, அதிலிருந்து பிளாஸ்மா செல் வந்து, அதுதான் சுரக்க வேண்டும். முதல் முறை போல நாள் கணக்கில் தேட வேண்டியதில்லை என்பதால் இரண்டாம் முறை விரைவாகவும் அதிகமாகவும் வருகிறது.

எதிர்ப்பொருளில் எம், ஜி, ஏ என்று வகை எழுத வேண்டுமா? படத்தில் இடமே இல்லையே.

மூன்றாம் படத்தில் 5அ-வின் வலப்பக்கம் ஒரே வரி போதும். முதலில் எம் வகை, பிறகு ஜி வகை, அவ்வளவுதான். ஆனால் நான்காம் படத்துக்கு வகைதான் உயிர்நாடி, அங்கே விடக்கூடாது. இ, டி வகைகளை இந்தப் படங்களில் தொடவே வேண்டாம்.

இனப்பெருக்கத்தையும் நோய்த்தடைகாப்பையும் சேர்த்து ஒரே படமாகக் கேட்டால் எப்படிப் போடுவது?

தாளின் நடுவில் மேலிருந்து கீழாக ஒரு நெளிகோடு. அது தாய்-சேய் இணைப்புத்திசு. இடப்பக்கம் தாய், வலப்பக்கம் சேய். பக்கத்தின் பாதியில் குறுக்காக ஒரு கோடு, அது பிரசவம். அதற்குக் கீழே நெளிகோடு கிடையாது, பிரசவத்தோடு அது வெளியேறிவிட்டது.

படம் 4

தாய் பக்கம்
1. கர்ப்பக் காலத் தடுப்பூசி
↓ படம் 3-இன் எல்லாக் கட்டங்களும்
2. பிளாஸ்மா செல், நினைவு செல், எம் வகை, ஜி வகை

நெளிகோட்டில்
3. ஜி வகை → டிராஃபோபிளாஸ்ட் அடுக்கில் உள்ள ஏற்பியால் பிடித்து அக்கரை சேர்க்கப்படுகிறது
எம் வகை ⊣ கடப்பதில்லை
நினைவு செல் ⊣ போவதாகக் கணக்கில் கொள்வதில்லை

சேய் பக்கம், பிரசவத்துக்கு மேல்
4. சேய் இரத்தத்தில் தாயின் ஜி வகை, கடைசி மூன்று மாதத்தில் வேகமாக ஏறுகிறது

பிரசவத்துக்குக் கீழ்
5. தாயின் ஜி வகை படிப்படியாகக் குறைகிறது
6. சீம்பாலிலிருந்து ஏ வகை → குழந்தையின் குடல் உட்சுவரில் தங்குகிறது
7. குழந்தைக்கு 2 மாதத்தில் தடுப்பூசி
↓ குழந்தையின் சொந்த பி செல்லில் படம் 3
8. குழந்தையின் சொந்த எதிர்ப்பொருள், சொந்த நினைவு செல்

ஜி வகை இடுக்கு வழியாகத் தானே நழுவிப் போகிறது என்று பல பிள்ளைகள் நினைக்கிறார்கள். அதற்கென்றே ஓர் ஏற்பி இருக்கிறது, அது ஜி வகையின் வால் பகுதியைப் பிடித்துச் செல்லுக்குள் இழுத்து மறுபக்கம் விடுகிறது. ஆகவே 3-ஆம் அம்பின் மேல் "ஏற்பியால் கடத்தப்படுகிறது" என்று எழுதுங்கள். "ஊடுருவுகிறது" என்று எழுத வேண்டாம். எம் வகை ஐந்து மூலக்கூறு கட்டிய பெரிய உருவம், அதைப் பிடிக்க அந்த ஏற்பி இல்லை.

ஏ வகை அம்பை இரத்தத்தில் கொண்டுபோய் முடித்துவிடாதீர்கள். அது குடலில் தங்கி, அங்கேயே கிருமி ஒட்டாமல் பார்த்துக்கொள்கிறது.

இதெல்லாம் புத்தகக் கணக்குதானே? உண்மையில் பார்க்க முடியுமா?

பார்க்கலாம், வீட்டிலேயே. போன வருடம் என் தங்கை குழந்தையின் சுகாதாரப் புத்தகத்தை வகுப்புக்கு எடுத்து வந்தேன். சிங்கப்பூரில் பிறக்கும் குழந்தைக்குக் கொடுக்கிற அதே புத்தகம்தான். தடுப்பூசிப் பக்கத்தைத் திறந்து மேசை நடுவில் வைத்தோம். பிறந்தவுடன் காசநோய்க்கான பிசிஜியும் ஹெபடைட்டிஸ் பி முதல் தவணையும். அடுத்தது 2 மாதம், பிறகு 4, 6. அந்த 2 மாத ஊசியில்தான் கக்குவான் இருமலுக்கான பகுதியும் இருக்கிறது.

"அப்ப முதல் 2 மாசம் கக்குவானுக்கு ஒண்ணுமே இல்லையா?" என்று ஒருத்தி கேட்டாள். மிகச் சின்னக் குழந்தைக்குத்தான் கக்குவான் மிகவும் ஆபத்து, மூச்சே நின்றுபோகலாம். அந்த ஓட்டையை அடைக்கத்தான் தாய்க்கு ஊசி. சிங்கப்பூரில் ஒவ்வொரு கர்ப்பத்திலும் 16-ஆம் வாரத்துக்கும் 32-ஆம் வாரத்துக்கும் இடையில் டெட்டனஸ், தொண்டை அடைப்பான், கக்குவான் மூன்றுக்கும் சேர்ந்த ஊசியைப் போட்டுக்கொள்ளப் பரிந்துரைக்கிறார்கள். அதில் உயிருள்ள கிருமி கிடையாது. செயலிழக்கச் செய்த நஞ்சும் கிருமியின் சில புரதத் துண்டுகளும்தான்.

சரி, ஒரு கணக்குப் போடுவோம். தங்கை 28-ஆம் வாரத்தில் போட்டுக்கொண்டாள், குழந்தை 40-ஆம் வாரத்தில் பிறந்தது. நடுவில் 12 வாரம். எதிர்ப்பொருள் ஏற இரண்டு வாரம் போனாலும், அக்கரைக்குக் கடத்த பத்து வாரம் மிச்சம். அதுவும் கடத்தல் மும்முரமாக நடக்கும் கடைசி மூன்று மாதத்தில். குழந்தை பிறந்த அன்று அதன் இரத்தத்தில் 160 அலகு இருந்ததாக வைத்துக்கொள்வோம், இது கணக்குக்காக நான் எடுத்துக்கொண்ட எண். ஜி வகையின் அரை ஆயுள் ஏறத்தாழ 3 வாரம். அப்படியானால் 3-ஆம் வாரம் 80, 6-ஆம் வாரம் 40, 9-ஆம் வாரம் 20. முதல் ஊசி போடும் நாளில் எட்டில் ஒரு பங்கு மிச்சம் இருக்கிறது.

தங்கை ஊசியே போடாமல், என்றோ போட்டதன் மீதியாகக் குழந்தைக்கு 20 அலகுதான் கிடைத்திருந்தால், 9-ஆம் வாரம் 2.5. ஊசியை 39-ஆம் வாரத்தில் போட்டிருந்தால் இரத்தத்தில் ஏறுவதற்குள் பிரசவமே ஆகியிருக்கும். குறைமாதக் குழந்தைக்கும் இதே கதிதான். 4-ஆம் கட்டத்து அம்பு பாதியில் நின்றுபோகிறது.

இந்தக் கணக்கைப் படம் 4-இன் 5-ஆம் கட்டத்துக்குப் பக்கத்தில் இறங்குகோடாகப் போட்டுக்காட்டலாம். நேர்கோடாக இழுக்காதீர்கள். முதலில் செங்குத்தாக இறங்கி, போகப்போகத் தட்டையாகும் வளைகோடு அது. 7-ஆம் கட்டத்திலிருந்து குழந்தையின் சொந்தக் கோடு ஒன்று கீழிருந்து ஏறி அதை வெட்டும். வெட்டும் இடத்துக்கு முன்னும் பின்னும்தான் குழந்தைக்குப் பாதுகாப்பு மிகக் குறைவு. ஒரே தவணையில் அந்தக் கோடு உயரமாக ஏறாது என்பதால்தான் 4, 6 மாதத் தவணைகள் தொடர்கின்றன.

ஆக்டிவ், பாசிவ், இயற்கை, செயற்கை, இந்த நான்கையும் எங்கே எழுதுவது? எப்பவும் மாற்றி எழுதிவிடுகிறேன்.

யாருடைய உடல் என்று கேட்டுவிட்டு எழுதுங்கள். எதிர்ப்பொருளைத் தன் பி செல்லே செய்தால் ஆக்டிவ், வேறு யாரோ செய்ததை வாங்கிக்கொண்டால் பாசிவ். ஊசி மூலம் நடந்தால் செயற்கை, இல்லையென்றால் இயற்கை.

இப்போது தங்கை விஷயத்தைப் பாருங்கள். அவளுக்கு ஊசி, அவள் பி செல்லே செய்தது, ஆகவே செயற்கை ஆக்டிவ். அதே மூலக்கூறு நெளிகோட்டைக் கடந்து குழந்தைக்குப் போனதும் இயற்கை பாசிவ், ஏனென்றால் குழந்தை எதையும் செய்யவில்லை, குழந்தைக்கு யாரும் ஊசியும் போடவில்லை. கோட்டைத் தாண்டியதும் பெயர் மாறுகிறது. "தாய்க்குத் தடுப்பூசி போட்டதால் சேய்க்குச் செயற்கை" என்று எழுதுவதுதான் எல்லாரும் விழும் குழி. சீம்பாலும் இயற்கை பாசிவ். 7-ஆம் கட்டம் வந்ததும் குழந்தைக்கும் செயற்கை ஆக்டிவ். படத்தில் கட்டம் 2, 4, 6, 8-க்குப் பக்கத்தில் பென்சிலால் இந்த இரட்டைப் பெயர்களை எழுதிப் பாருங்கள்.

ஆர்எச் பிரச்சினையும் இதே படத்தில் வருமா?

வரும், அதே கதவு வழியாக. ஆர்எச் நெகட்டிவ் தாய், பாசிட்டிவ் குழந்தை. முதல் பிரசவத்தில் குழந்தையின் இரத்தம் சற்றுத் தாய்க்குள் கலந்தால் தாயின் பி செல் விழித்துக்கொள்கிறது, நினைவு செல் தங்குகிறது. இரண்டாவது குழந்தையும் பாசிட்டிவ் என்றால் ஜி வகை ஏராளமாகச் சுரந்து, அதே ஏற்பியில் ஏறி, குழந்தையின் சிவப்பணுவை அழிக்கிறது. கக்குவானுக்கு நல்லது செய்த அம்பே இங்கே கெடுதல் செய்கிறது. முதல் பிரசவத்தை ஒட்டித் தாய்க்கு ஆர்எச் எதிர்ப்பொருள் ஊசி போட்டுவிட்டால், அவள் பி செல் விழிக்கும் முன்பே அந்தச் சிவப்பணுக்கள் அகற்றப்படுகின்றன. அந்த ஊசி செயற்கை பாசிவ் என்பதையும் எழுதுங்கள்.

வண்ணப் பென்சில், நிழல் எல்லாம் வேண்டுமா?

வேண்டாம். கூரான எச்பி பென்சிலால் ஒற்றைக் கோடு, பெயர்கள் ஒரே பக்கம், பெயர்க் கோடுகள் ஒன்றையொன்று வெட்டாமல். நிழல் போடும் நேரத்தில் இரண்டு அம்புக்கு வினைச்சொல் எழுதலாம்.

மறுபடி வரைந்து பழகுவது எப்படி? பார்த்துப் பார்த்து வரைந்தாலும் தேர்வில் வரவில்லை.

பார்த்து வரைவது கைக்குத்தான் பயிற்சி. முதல் நாள் பார்த்து வரையுங்கள். மறுநாள் பெட்டிகளையும் பெயர்களையும் மட்டும் ஒரு தாளில் வைத்துக்கொண்டு, அம்புகளையும் ஓரங்களையும் நினைவிலிருந்து நிரப்புங்கள். மூன்றாம் நாள் அதைத் திருப்பிப் போடுங்கள், வினைச்சொற்கள் மட்டும் இருக்கட்டும், பெயர்களை நீங்கள் நிரப்புங்கள். இந்த இரண்டாவது சுற்றில்தான் யாருக்கு எது தெரியவில்லை என்று வெளியே வரும். "நிற்கிறது" என்று இருக்கும் இரண்டு இடத்தில் எந்த ஃபேஸ் என்று தடுமாறினால் படம் 1-ஐ மட்டும் மறுபடி எடுங்கள், மற்றதைத் தொட வேண்டாம்.

அக்கா, என் மனைவி இரண்டாவது முறை உண்டாகியிருக்கிறாள். முதல் குழந்தைக்கே ஊசி போட்டாச்சே, நினைவு செல் இருக்குமே, மறுபடி எதற்கு?

இந்தக் கேள்வி ஒரு மாணவியின் அப்பாவிடமிருந்து வந்தது, மகளின் படம் 4-ஐப் பார்த்துவிட்டு. நியாயமான கேள்வி. நினைவு செல் இருப்பது உங்கள் மனைவியிடம். நெளிகோட்டைத் தாண்டிக் குழந்தைக்குக் கிடைக்கப்போவது நினைவு செல் அல்ல, அந்த நேரத்தில் தாயின் இரத்தத்தில் மிதந்துகொண்டிருக்கும் ஜி வகை மட்டும்தான். முன்பு போட்ட ஊசியால் ஏறிய அளவு இத்தனை நாளில் இறங்கிப்போயிருக்கும். நினைவு செல் அவருக்குள்ளேயே உட்கார்ந்திருந்தால் போதாது, ஆன்டிஜென் மறுபடி வந்தால்தான் அது எழுந்து பிளாஸ்மா செல்லாகும். புதிய ஊசி செய்வது அதைத்தான், படம் 3-இல் இருக்கும் புள்ளிக் கோடு அதுவே. 16 முதல் 32 வாரத்துக்குள் எப்போது போடலாம் என்று உங்கள் மகப்பேறு மருத்துவரிடமோ பலதுறை மருந்தகத்திலோ கேட்டு நாள் குறித்துக்கொள்ளுங்கள்.